அக்கா கல்யாணத்தில் தம்பி கையில் மைக்

முகூர்த்தத்தன்று பொரியை அள்ளிக் கொடுப்பதோடு மணப்பெண்ணின் தம்பிக்கு வேலை முடிந்துவிடும் என்ற காலம் போய்விட்டது. இப்போது வரவேற்பு மேடையில், "தம்பி ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கை நீட்டிவிடுகிறார்கள். எதிரே தாத்தா, சம்பந்தி வீட்டார், அக்காவின் ஆபீஸ் தோழிகள், பலூன் உடைக்கும் வாண்டுகள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் சிரிக்க வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு கதை போதும். ஒரு தம்பி இப்படித் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம்: "எட்டாம் கிளாஸ்ல நான் கணக்குல ஃபெயில். ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை அக்காதான் போட்டுக் கொடுத்தா. அப்பா போடுறதைவிட அழகா இருந்துச்சு. அதனாலேயே மாட்டிக்கிட்டோம்."

இதுவரை சரி. அடுத்து எல்லாருக்கும் முதலில் தோன்றும் வரி: "மாமா, செக் புக்கைப் பத்திரமா வெச்சுக்கோங்க!" நண்பர்கள் விசிலடிப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க மாட்டார். வரப்போகும் மருமகளைப் பண விஷயத்தில் நம்பக்கூடாது என்று அவள் தம்பியே சொன்னதாக அந்த வரிசையில் அர்த்தமாகும்.

கதையை மாற்ற வேண்டாம், குத்து யார் மேல் விழுகிறது என்பதை மாற்றினால் போதும்: "திட்டு ரெண்டு பேருக்கும் விழுந்திருக்கணும். 'நானாத்தான் போட்டேன்'னு அக்கா தனியா வாங்கிக்கிட்டா. மாமா, நான் இன்னும் திருந்தல. இனிமே திட்டு வாங்க நீங்கதான் வரணும்." இப்போது அசடு தம்பி. அக்கா உயர்ந்துவிட்டாள், மாப்பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைத்தது. பாசம் அந்த நடு வரியிலேயே வந்துவிட்டதால், "நீ எனக்கு இன்னொரு அம்மா" என்று தனியாக உருக வேண்டியதில்லை. (உருகினால் அக்கா அழுவாள், மேக்கப்காரம்மா நம்மை முறைப்பார்.)

நிதானமாகப் பேசினாலும் இது ஒரு நிமிடத்தைத் தாண்டாது. வணக்கம், வாழ்த்து சேர்த்தால் இரண்டு. அதற்கு மேல் போனால் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். அக்காவின் நிறம், எடை, பழைய காதல், சீர்வரிசை ஆகியவற்றை விளையாட்டுக்குக்கூடத் தொடக்கூடாது. நண்பர் கூட்டத்துக்கு மட்டும் தெரிந்த பட்டப்பெயரும் அப்படித்தான். பாட்டிக்கு யாராவது விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடும்.

மண்டபத்தில் எதிரொலி அதிகம். வரியின் கடைசிச் சொல்தான் முதலில் கரையும், சிரிப்பு ஒளிந்திருப்பதும் அங்கேதான். அதனால் "மாட்டிக்கிட்டோம்" என்பதை விழுங்காமல் சொல்லி, இரண்டு நொடி நிறுத்த வேண்டும். யாரும் சிரிக்காவிட்டால் விளக்கம் சொல்லாமல் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடலாம். மொய்க் கவரோடு வரிசை நிற்கத் தொடங்கும் முன்பே மைக்கை வாங்கிவிடுவது நல்லது. மெல்லிசைக் குழுவிடமும் கீபோர்டை நிறுத்தச் சொல்லி வைக்க வேண்டும்.

அக்காவுக்கு இது ஆச்சரியமாக இருக்கட்டும். அப்பாவிடம் மட்டும் முந்தின நாளே படித்துக் காட்டிவிடலாம். கதையில் திட்டுகிறவர் அவர்தான், புதுச் சம்பந்திகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறவரும் அவர்தான்.