படமா, பாடகரா? பாட்டுகளை அடுக்கும் முறை

நம் வீடுகளில் ஒரு காலத்தில் ஒலிநாடாக்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. அவற்றின் முதுகில் படத்தின் பெயர் இருக்கும். வேண்டியதை உருவி எடுத்தால் போதும். இன்று விரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் நாலாயிரம் பாட்டுகள் அடங்குகின்றன. ஆனால் அதற்கு முதுகும் இல்லை, பெயரும் இல்லை. உள்ளே நாம் எப்படி அடுக்கி வைக்கிறோமோ அப்படித்தான் கருவி நமக்குக் காட்டும்.

என் மாமா செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்ப் பயணம். ஒரு நாள் கேரளத்துக் குடும்பம் ஏறும், மறுநாள் வடநாட்டார் ஏறுவர். ஒவ்வொருவரும் தம் மொழிப் பாட்டைக் கேட்பர். மாமாவோ வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு குமிழைத் திருப்பித்தான் பாட்டைத் தேட வேண்டும். நாலாயிரம் பாட்டும் ஒரே குவியலாகக் கிடந்தால் கண் சாலையை விட்டு நழுவும். "குமிழை நாலு தடவைக்கு மேல் திருப்ப வைக்காதே அம்மா, ரோட்டில் மாடு நிற்கும்" என்றார். அவருடைய பென் டிரைவை நான் அடுக்கிய முறையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டைத் தேடும் கருவிகள் இரு வகை. வேனில் உள்ளது போன்ற எளிய கருவி ஃபோல்டர்களை மட்டுமே பார்க்கும். கைப்பேசியில் உள்ள கருவியோ பெரும்பாலும் ஃபோல்டரைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு பாட்டின் உள்ளேயும் பெயர், படம், பாடியவர், ஆண்டு என்று ஒரு சிறு சீட்டு எழுதப்பட்டிருக்கும். அதற்கு டேக் என்று பெயர். கைப்பேசி அதைத்தான் படிக்கும். ஆகவே ஃபோல்டர், டேக் இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

மேல்நாட்டு நிரல்கள் பலவும் பாடகர் பெயரை முதலில் வைத்து, அதற்குள் இசைத்தட்டின் பெயரை வைக்கச் சொல்கின்றன. அங்கே ஒரு பாடகர் ஓர் இசைத்தட்டு வெளியிடுவது வழக்கம் என்பதால் அது பொருந்துகிறது. நம் திரைப்பாட்டுக்கு அது ஒவ்வாது. "ரோஜா" படத்தை எடுத்துக்கொள்வோம். 1992-இல் வந்தது. அதில் மின்மினி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சித்ரா, உன்னி மேனன், சுஜாதா, ஹரிஹரன் எனப் பலர் பாடியுள்ளனர். பாடகர் வாரியாகப் பிரித்தால் ஒரே படம் ஐந்தாறு இடங்களில் சிதறிப்போகும். இருவர் சேர்ந்து பாடியதை யாருடைய ஃபோல்டரில் போடுவது? இரண்டிலும் போட்டால் இடம் வீணாகும். பின்னர் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று திருந்தாமல் கிடக்கும். எனவே ஃபோல்டர் படத்திற்கு உரியது, பாடகர் டேக்குக்கு உரியவர் என்று வகுத்துக்கொண்டேன். ஒரு பாட்டு ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அதன் சீட்டில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம்.

மொழி மேலே, அதற்குள் படப்பெயரின் முதலெழுத்து, அதற்குள் படம் என்று அமைத்தேன்.

```
Tamil/Cinema/R/Roja (1992)/
Tamil/Cinema/V/Vikram (1986)/
Tamil/Cinema/V/Vikram (2022)/
Tamil/Christian/
Hindi/Cinema/R/Roja (1992)/
Carnatic/M S Subbulakshmi/
```

ஆண்டு எதற்கு என்பது இதிலேயே விளங்கும். "விக்ரம்" என்ற பெயரில் 1986-இல் இளையராஜா இசையில் ஒரு படமும், 2022-இல் அனிருத் இசையில் ஒரு படமும் வந்தன. ஆண்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கர்நாடக இசையை எம்மொழியிலும் சேர்க்காமல் தனியே வைத்தேன். ஒரே கச்சேரியில் தெலுங்கு, வடமொழி, தமிழ் மூன்றும் வரும்; அதை மொழியால் பிரிப்பது கச்சேரியையே வெட்டுவதாகும். அங்கே மட்டும் பாடகர் பெயர்தான் ஃபோல்டர். மாதா பாடல்களில் பலவற்றுக்குப் பாடியவர் பெயரே தெரியாது. அவற்றுக்கு ஒலிநாடாவின் பெயரையே வைத்தேன்.

படப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. வேன் கருவி தமிழெழுத்தைக் கட்டங்களாகக் காட்டியது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் Ilayaraja என்பார், ஒருவர் Ilaiyaraja என்பார், இன்னொருவர் Ilaiyaraaja என்பார். கருவிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள்! ஆகவே ஒரு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை எழுதி வைத்துக்கொண்டு அதையே எங்கும் பின்பற்றினேன். படப்பெயருக்கு இசைத்தட்டின் உறையில் அச்சிட்டுள்ளபடியே எழுதினால் வழக்கு இல்லை.

இனி டேக்கைப் பார்ப்போம். இதைத் திருத்த Mp3tag என்னும் நிரல் உதவுகிறது. பாடியவர் என்ற இடத்தில் பாடகர்களின் பெயரை எழுத வேண்டும். Album Artist என்று வேறோர் இடம் உண்டு. அதை வெறுமையாக விட்டால், சில கைப்பேசிக் கருவிகள் ஒரு படத்தைப் பாடகர் எண்ணிக்கைக்கு ஏற்பத் துண்டு துண்டாகக் காட்டும். அதில் இசையமைப்பாளர் பெயரை எழுதினால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கர்நாடக இசைக்குப் பாடகர் பெயரையே எழுதலாம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் எழுகிறது. "ரோஜா" இந்தியிலும் மொழிமாற்றமாகி வந்தது. இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரகுமானே. மொழிமாற்றப் படத்திற்கு மூலப் படத்தின் ஆண்டையே நான் இடுவதால் ஆண்டும் ஒன்றாகிறது. ஃபோல்டரில் மொழி பிரித்துவிடுகிறது. கைப்பேசியிலோ தமிழும் இந்தியும் ஒரே "ரோஜா"வுக்குள் புகுந்து, முதற்பாட்டு இருமுறை, இரண்டாம் பாட்டு இருமுறை என்று தோன்றும். அவ்வாறு தோன்றினால் காரணம் இதுவே என அறிக. இந்திப் பாட்டுகளின் டேக்கில் படப்பெயரை `Roja (1992) Hindi` என்று மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும்.

டேக் சரியானபின் கோப்பின் பெயரை நிரலே எழுதித் தரும். இந்த வடிவத்தைக் கொடுத்தால் போதும்:

```
$num(%track%,2) %title%
```

இது 1 என்பதை 01 ஆக்கும். அவ்வாறு ஆக்காவிட்டால் பல கருவிகளில் 1-க்குப் பின் 10 வரும், 2 அதற்குப் பிறகே வரும்.

எல்லாம் முடிந்து வேனில் செருகியபோது, கணிப்பொறியில் அகரவரிசையில் நின்ற படங்கள் அங்கே முன்பின்னாக நின்றன. கணிப்பொறி, காட்டும் நேரத்தில் தானே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எளிய கருவியோ, பென் டிரைவில் எது முதலில் பதியப்பட்டதோ அதையே முதலில் காட்டுகிறது. இடையில் ஒன்றை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், அது அழித்ததன் இடத்தில் போய் அமர்ந்துகொள்வதும் உண்டு. இதற்கு மருந்து, பென் டிரைவைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மொழியாக வரிசைப்படி மீண்டும் பதிவதே. பதிந்ததை வரிசைப்படுத்திக் கொடுக்கும் FATSort என்ற இலவச நிரலும் உள்ளது. துடைக்கும்போது FAT32 என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் exFAT முறையில் வருகின்றன; பழைய வண்டிக் கருவிகள் பல அதைப் படிக்க மாட்டா. பாட்டு நிறைய இருந்தும் கருவி ஒன்றும் இல்லை என்று சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புதுப் படப் பாட்டுகள் வந்தால் மாமா இப்போது அவற்றை நேரே பென் டிரைவில் போடுவதில்லை. மூலப் பிரதி எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இருக்கிறது. அங்கே டேக் திருத்தி, உரிய ஃபோல்டரில் சேர்த்து, மாதம் ஒருமுறை முழுவதையும் புதிதாகப் பதிந்து கொடுக்கிறேன்.