நியூயார்க்கில் மணி என்ன?

சென்னை அலுவலகத்தில் திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு மெயில் அனுப்புகிறோம். குளிர்காலமென்றால் அப்போது நியூயார்க்கில் ஞாயிறு இரவு பதினொன்றரை. தூங்கப் போகிறவரின் தலைமாட்டில் போன் மினுங்கும். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, காலையில் கவனிக்கலாம் என்று வைப்பார். விடிவதற்குள் அதன்மேல் இன்னும் பத்து மெயில் வந்து விழுந்திருக்கும்.

ஜிமெயிலில் இதற்கு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் Send பொத்தானை ஒட்டியுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் Schedule send வரும். நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால் போதும். மெயில் கூகுளின் சர்வரிலிருந்தே கிளம்பும் என்பதால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழைய அவுட்லுக்கில் அப்படியில்லை. சில வகைக் கணக்குகளில் மெயில் Outbox-இலேயே காத்திருக்கும். குறித்த நேரத்தில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் போகும்.

நாம் குறிப்பது நம் ஊர் நேரம், பெறுபவரின் நேரமல்ல. கணக்குப் போடுவது நம் வேலை. பலரும் தவறுவது இங்கேதான், அதுவும் குறிப்பாக மார்ச்சிலும் நவம்பரிலும்.

2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. நியூயார்க் குழுவுக்குத் திங்கட்கிழமை அவர்கள் நேரப்படி காலை ஒன்பதரைக்குக் கூட்டம். அதற்கு முன் ஒன்பது மணிக்கு அறிக்கை போய்ச் சேர வேண்டும். நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் என்ற வழக்கமான கணக்கில் திங்கள் மாலை 7.30 என்று குறிக்கிறோம். இடையில் மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. இடைவெளி ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். நம் மெயில் அங்கே பத்து மணிக்குப் போய்ச் சேரும். கூட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். 6.30 என்று குறித்திருக்க வேண்டும். நவம்பரின் முதல் ஞாயிறு வரை இதே கணக்குதான். லண்டன் கடிகாரம் மாறுவது மார்ச்சின் கடைசி ஞாயிறு என்பதால், இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் கணக்கை மாற்றிவிடவும் முடியாது.

நாளைக் குறிக்கும் முன் போனின் உலகக் கடிகாரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அது காட்டுவது இன்றைய இடைவெளியை. மெயில் போகிற நாளின் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

மெயிலுக்குள் எழுதும் சொற்களிலும் கவனம் வேண்டும். வெள்ளியன்று எழுதிய 'நாளை' திங்களன்று படிப்பவருக்குச் செவ்வாயாகிவிடும். தேதியையே எழுதிவிடுவது நல்லது.

குறித்து வைத்த ஜிமெயிலைத் திருத்த வேண்டுமானால் Scheduled பகுதியில் திறந்து Cancel send கொடுக்க வேண்டும். அப்போது அது Drafts-க்குத் திரும்பிவிடும். திருத்தியபின் மறுபடி நேரம் குறிக்காவிட்டால் அங்கேயே கிடக்கும்; யாரும் நினைவூட்ட மாட்டார்கள். Scheduled பகுதியில் அது மீண்டும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.