நூல் கிடங்கில் மூன்று கைகள்

ஒரு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்தேன். இருப்பேடும் கிடங்கிலிருந்த நூல் கட்டுகளும் சிறிதும் பிசகாமல் ஒத்திருந்தன. ஆயினும் மூன்று கட்டுகள் களவு போயிருந்தன. நூலைப் பெற்றவரும், வழங்கியவரும், கணக்கெழுதியவரும் ஒரே கிடங்குக் காப்பாளரே. ஆலைப் பட்டியலின்படி சங்கம் 50 கட்டுகளுக்குப் பணம் செலுத்தியிருக்க, அவர் வரவு வைத்தது 47. பட்டியலோடு ஒப்பிட்டபொழுதுதான் குட்டு வெளிப்பட்டது.

இப்பொழுது அங்கே லாரியிலிருந்து இறங்கும் கட்டுகளை எண்ணி, எடை பார்த்து, வரவுச் சீட்டில் ஒப்பமிடுபவர் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர். காப்பாளர் வழங்குவதோடு சரி. எழுத்தர் சாவியைத் தொடுவதில்லை. வரவுச் சீட்டையும், நெசவாளர் ஒப்பமிட்ட வழங்கல் சீட்டையும் பார்த்தே பதிகிறார். காப்பாளர் வாயால் சொல்வதை எழுதத் தொடங்கினால், பழைய கதைதான்! எழுத்தரும் காப்பாளரும் கூடிப் பொய்ச் சீட்டு எழுதினால் இவ்வேற்பாடு தடுக்காது. அதைக் கண்டறிய, சீட்டுகளை நெசவாளரின் கைப்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.