எட்டு வருடம் கழித்து வரும் அழுகை

கல்யாணப் பந்தி முடிந்து எழுந்திருக்கும் நேரம். பக்கத்து இலையில் இருந்த பாட்டி வெற்றிலையில் பன்னீர்ப் புகையிலையைக் கிள்ளி வைக்கிறார். அந்த வாசனை வந்ததும் உங்கள் தோழியின் முகம் மாறுகிறது. கை கழுவப் போனவர் அங்கேயே நின்று தேம்புகிறார். அவருடைய அம்மா தவறி எட்டு வருடம் ஆகிறது. போன திவசத்தன்றுகூட அவர் அழவில்லை. "என்னடி ஆச்சு?" என்று கேட்டால், "தெரியலைடி" என்கிறார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த நொடியில் அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் வழியாகத்தான் மேல்மூளைக்குப் போகின்றன. வாசனை மட்டும் அந்த வழியில் போகாமலே உள்ளே நுழைந்துவிடும். மூக்கின் உச்சியில் உள்ள நரம்பு செல்கள் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கின்றன. அவற்றின் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தச் செல்களின் இழைகள் முகர்வுக் குமிழில் முடிகின்றன. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் நேராக அமிக்டலாவைத் தொடுகின்றன. பயம், பாசம், தவிப்பு எல்லாவற்றிலும் பங்குள்ள பகுதி அது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் அதை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் வாசனைக்குப் பெயர் சொல்லும் வேலையில் நம் மூளை மந்தம். கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொன்னால், தினமும் சமையலறையில் புழங்கும் பொருளுக்குக்கூடப் பெயர் சொல்லப் பலர் தடுமாறுவார்கள். அதனால் முதலில் நெஞ்சு அடைக்கிறது. "இது அம்மாவின் சுருக்குப்பை வாசனை" என்பது பிறகுதான் வருகிறது, சில சமயம் வராமலே போகிறது. மேலும், அம்மாவின் புகைப்படத்தை அவர் எத்தனையோ முறை பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பார். வாசனையை நினைத்தவுடன் வரவழைக்க முடியாது என்பதால் அது பழகித் தேய வாய்ப்பே கிடைத்திருக்காது. வாசனை கிளப்பும் நினைவுகளில் பல பத்து வயதுக்கு முந்தியவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அழுதுகொண்டு நிற்பது நாற்பது வயதுத் தோழி என்றாலும், அம்மாவைத் தேடுவது அந்த வயதுச் சின்னப் பெண்தான்.

ஆகவே முதல் சில நிமிடங்களில் கேள்வி வேண்டாம். கையைப் பிடித்து, காற்றாட இருக்கும் இடத்துக்கு நகர்த்தினால் போதும், வாசனையும் விலகும். "எட்டு வருஷமாச்சே, இன்னுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அழுகையோடு வெட்கமும் சேர்ந்துவிடும். அடுத்த முறை அவர் தனியாகப் போய் அழுவார். பேச்சை மாற்றிச் சிரிக்கவைப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

மூச்சு சீரானதும், "யார் ஞாபகம்டி வந்தது?" என்று கேளுங்கள். "அம்மா" என்றால், "அம்மா வெத்தலை போடுவாங்களா? எங்க உட்கார்ந்து போடுவாங்க?" என்று தொடருங்கள். திண்ணை, பாக்குவெட்டி, பக்கத்து வீட்டு அத்தை என்று ஒவ்வொன்றாக வரும். காரணம் தெரியாமல் வந்த வலிக்கு ஒரு ஆளும் இடமும் கிடைக்கும்போது அது தாங்கக்கூடியதாகிறது. உங்களுக்கு அவர் அம்மாவைத் தெரியும் என்றால், தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசினால் துக்கம் கூடிவிடும் என்று பயந்து நாம் வாயை மூடிக்கொள்கிறோம். என் கணிப்பில், எட்டாவது வருடத்தில் அவருக்கு வலிப்பது அந்த மௌனம்தான்.

வாசனையைப் போலவே பழைய பாட்டும் அழவைக்கும், ஆனால் அதன் விஷயம் கொஞ்சம் வேறு. பாட்டு அடையாளம் தெரிந்தே வரும். பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்டவைதான் ஆழமாக ஒட்டியிருக்கும். ஓடிப்போய் அணைத்துவிடாமல், "நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?" என்று கேளுங்கள். பலர் முழுதாகக் கேட்டு அழவே விரும்புவார்கள்.

இப்படி வந்து போகும் துக்கத்தின் எழுச்சி நோயல்ல. இழப்பு குறித்து ஆராய்ந்த உளவியலாளர் தெரேஸ் ராண்டோ 1993இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து, இயல்பான துக்கத்தின் பகுதி என்று எழுதினார். அன்று மாலையோ, இரண்டொரு நாளிலோ தணிந்துவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு போன் செய்யுங்கள். சாப்பிடுகிறார், தூங்குகிறார், வேலைக்குப் போகிறார் என்றால் கவலை இல்லை. வாரக்கணக்கில் அநேகமாகத் தினமும் அதே ஏக்கம், வீட்டை விட்டு வெளியே வர மனமில்லை, "நானும் போயிடலாம்" என்ற பேச்சு என்றால் கதை வேறு. நீடித்த துக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் தனி நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. அந்தக் கடைசிப் பேச்சு ஒரு முறை காதில் விழுந்தாலும் காத்திருக்காமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.