50/30/20 வருமானப் பகிர்வு

50/30/20 வருமானப் பகிர்வு என்பது, ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் மாத வருமானத்தைத் தேவை, விருப்பம், சேமிப்பு என்று மூன்று பங்காகப் பிரித்துச் செலவிடும் முறையாகும். தேவைக்கு 50 விழுக்காடு, விருப்பத்துக்கு 30 விழுக்காடு, சேமிப்புக்கு 20 விழுக்காடு என்பது இதன் அடிப்படைக் கணக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005-இல் வெளியிட்ட 'ஆல் யுவர் வொர்த்' என்ற நூலின் வழியாக இம்முறை பரவலாக அறியப்பட்டது. மாதச் சம்பளம் ஒரே அளவாக வருவோருக்கு இதைப் பின்பற்றுவது எளிது. பருவத்துக்குப் பருவம் வருமானம் மாறும் குடும்பங்கள் இதைச் சற்று மாற்றியே கையாள வேண்டும்.

மூன்று பங்குகள்

வேலை போனாலும் நிறுத்த முடியாத செலவு தேவை எனப்படும். வீட்டு வாடகை, மளிகை, பால், மின்கட்டணம், பள்ளிச் செலவு, மருந்து, கடன் தவணை ஆகியவை இதில் அடங்கும். ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் குடும்பம் நடக்கும் என்றால் அது விருப்பம். புதுத்துணி, திரைப்படம், வெளியூர்ப் பயணம், உணவகச் சாப்பாடு ஆகியவை இவ்வகை. சேமிப்பில் வங்கி, அஞ்சலக வைப்புகளுடன், தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டும் கடன்தொகையும் சேரும்.

சம்பளத்தில் பிடிக்கப்படும் வருங்கால வைப்புநிதியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தொழிலாளியின் சொந்தப் பணம் என்பதால், வருமானத்திலும் சேமிப்பிலும் அதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் மொய்ப்பணம் எந்தப் பங்கில் சேரும் என்ற கேள்வி எழும். முன்பு தம் வீட்டு விழாவில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது கடன் தீர்ப்பதற்கு ஒப்பானது. ஆகவே அது தேவை. மொய் நோட்டைப் பார்த்து, அந்த ஆண்டில் திருப்ப வேண்டிய தொகையைக் கூட்டி, 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கலாம். புதிதாகச் செய்யும் மொய் பின்னால் திரும்பி வரக்கூடியது என்றாலும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதைச் சேமிப்பாக எண்ணாமல் விருப்பப் பங்கிலிருந்து கொடுப்பதே பாதுகாப்பானது.

கொடைரோட்டுக் குடும்பம்: ஓர் எடுத்துக்காட்டு

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே உள்ள கொடைரோடு வட்டாரத்தில் நூற்பாலை வேலையும் மல்லிகை விவசாயமும் அருகருகே உள்ளன. கணவர் நூற்பாலையிலும் மனைவி பூப்பறிப்பிலும் வேலை செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்வோம்.

கணவரின் மாதக் கூலி 15,000 ரூபாய். இதில் 12 விழுக்காடான 1,800 ரூபாய் வைப்புநிதிக்கும், 0.75 விழுக்காடான சுமார் 100 ரூபாய் இ.எஸ்.ஐ.க்கும் பிடிக்கப்படுகின்றன. இ.எஸ்.ஐ. தொகையை மட்டும் கழித்தால் 14,900 ரூபாய். மனைவிக்குக் கிலோ கணக்கில் கூலி. கோடையில் பூ மிகுதியாகப் பூக்கும்போது மாதம் 8,100 ரூபாய் கிடைக்கிறது. மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து 3,100 ரூபாய்தான் வருகிறது. அப்போது சந்தையில் பூவின் விலை ஏறும். அந்த விலையேற்றம் பூ வைத்திருப்பவருக்கே உதவும், எடைக்குக் கூலி வாங்குபவருக்கு உதவாது.

ஆகவே குடும்ப வருமானம் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை மாறுகிறது. சராசரியான 20,500 ரூபாயை வைத்துத் திட்டமிட்டால், பனிக்காலத்தில் மாதம் 2,500 ரூபாய் துண்டு விழும். எனவே குறைந்த மாத வருமானமான 18,000 ரூபாயையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் தேவைகள்: வாடகை 2,500, மளிகை, காய்கறி, பால் 5,000, மின்சாரமும் எரிவாயுவும் 1,000, பேருந்தும் கைப்பேசியும் 700, பள்ளியும் மருந்தும் 900, மகளிர் குழுக் கடன் தவணை 1,400, திருப்ப வேண்டிய மொய் 500. ஆக மொத்தம் 12,000 ரூபாய். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், அதில் பாதி ஒவ்வொரு மாதமும் ஒதுக்கப்படுகிறது.

விதிப்படி தேவைக்கு 9,000 ரூபாய்தான். இங்கோ அது வருமானத்தில் 67 விழுக்காடாகிறது. இதற்காக அரிசியையோ மருந்தையோ குறைக்க முடியாது. சேமிப்பின் 20 விழுக்காட்டை, அதாவது 3,600 ரூபாயை, விடாமல் வைத்துக்கொண்டு, மீதமுள்ள 2,400 ரூபாயை விருப்பத்துக்கு ஒதுக்குவதே நடைமுறைக்கு ஏற்றது. வைப்புநிதியில் ஏற்கெனவே 1,800 சேர்ந்துவிடுவதால், கையிலிருந்து சேமிக்க வேண்டியது இன்னும் 1,800 மட்டுமே. இக்குடும்பத்தின் பகிர்வு 67/13/20 ஆகிறது.

வருமானம் கூடும்போது

கோடை மாதத்தில் கூடுதலாக வரும் 5,000 ரூபாயைத் தனியாக வைத்து, அதை மட்டும் 50/30/20 எனப் பிரிக்கலாம். பாதியான 2,500 ரூபாய், இனி வரப்போகும் தேவைகளுக்கான கையிருப்பு. 1,500 விருப்பத்துக்கு, 1,000 சேமிப்புக்கு. மூன்று கோடை மாதங்களில் கையிருப்பு 7,500 ரூபாயாகும். ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு 4,500 எடுத்தாலும் 3,000 ரூபாய் மிஞ்சும்.

கூலி நிலையாக உயர்ந்தால், உடனே புதுத் தவணை எதையும் தொடங்காமல் இருப்பது முக்கியம். தேவையை இரண்டால் பெருக்கினால், 50 விழுக்காட்டை எட்டுவதற்கு வேண்டிய வருமானம் தெரியும். இக்குடும்பத்துக்கு அது 24,000 ரூபாய். செலவு 12,000 ரூபாயிலேயே நின்றால், கூலி உயர உயரத் தேவையின் விழுக்காடு தானாகக் குறையும். விலைவாசி ஏறினால் தேவைத் தொகையும் ஏறும் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை இதைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

வருமானம் குறையும்போது

ஆலையில் வேலைநாள் குறைந்து கூலி 12,000 ரூபாயாகிவிட்டது என்று கொள்வோம். பனிக்காலமும் அதனுடன் சேர்ந்தால் மொத்த வருமானம் ஏறக்குறைய 15,000 ரூபாய். தேவை 12,000 ரூபாயாகவே இருப்பதால் அது 80 விழுக்காடாகிறது. வைப்புநிதி 1,440 போக மீதி 1,560 ரூபாய். விருப்பச் செலவைப் பழையபடி 2,400 ரூபாயாக வைத்தால் மாதம் 840 ரூபாய் குறையும். கோடைக் கையிருப்பான 3,000 ரூபாய் மூன்று மாதம் ஈடுகட்டும், நான்காவது மாதத்துக்குப் போதாது. விருப்பத்தை 1,000 ரூபாயாகச் சுருக்கினால் கையிருப்பைத் தொடாமலே 560 ரூபாய் சேமிக்கலாம்.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது விருப்பம், அடுத்துக் கைச்சேமிப்பு. கையிருப்பைத் தேவைக்கு மட்டுமே எடுக்க வேண்டும். மூன்று மாதத்திலும் நிலை மாறாவிட்டால், வாடகை, தவணை போன்ற பெரிய தேவைகளையே மாற்றியமைக்கும் வழியைத் தேட வேண்டும்.

முறையின் வரம்பு

இவ்விழுக்காடுகள் அமெரிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குறைந்த வருமானக் குடும்பத்தில் தேவை 50 விழுக்காட்டைத் தாண்டினால் அதை ஊதாரித்தனம் எனக் கொள்ளக் கூடாது. பகிர்வு தவறியதை வேறோர் அடையாளத்தால் அறியலாம். மளிகைக்காகவோ பழைய தவணைக்காகவோ புதுக்கடன் வாங்கினாலும் நகையை அடகு வைத்தாலும், தேவையின் உண்மையான அளவு குறைத்துக் கணக்கிடப்பட்டுள்ளது என்று பொருள். அப்போது விழுக்காட்டை விட்டுவிட்டு, ஒரு மாதச் செலவு முழுவதையும் நாள்தோறும் எழுதிவைத்துத் தேவைப் பட்டியலை மீண்டும் தயாரிக்க வேண்டும்.