மின்தடையில் ஆக்சிஜன் செறிவூட்டி: எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஆக்சிஜன் செறிவூட்டிக்குள் ஆக்சிஜன் சேமித்து வைக்கப்படுவதில்லை. அது அறைக் காற்றை உள்ளே இழுத்து அமுக்கி, சியோலைட் மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறி மாறிச் செலுத்துகிறது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை அந்த மணிகள் பிடித்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்சிஜன் குழாய் வழியாக நோயாளியின் மூக்குக்குப் போகிறது. மின்சாரம் நின்ற சில நொடிகளில் இந்த ஓட்டமும் நின்றுவிடும். சிஓபிடி, நுரையீரல் தழும்பு நோய் போன்றவற்றால் இரவும் பகலும் இந்தக் கருவியோடு வாழ்பவர்களின் வீட்டில், மின்தடைக்கான கணக்கு முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கருவி இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றை அமுக்கும் கம்ப்ரசருக்குப் போகிறது. வீடுகளில் வழக்கமாக இருக்கும் 5 லிட்டர் கருவி சுமார் 300 முதல் 400 வாட் இழுக்கும்; 10 லிட்டர் கருவி 600 வாட்டை நெருங்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர்தானே தேவை, 5 லிட்டருக்குப் பதில் 2 லிட்டரில் வைத்தால் மின்சாரமும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அப்படி நடப்பதில்லை. திருகைக் குறைத்தாலும் கம்ப்ரசர் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே பேட்டரிக் கணக்கை லிட்டரை வைத்துப் போடக்கூடாது, வாட்டை வைத்துத்தான் போட வேண்டும்.

அந்த வாட்டைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும், இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டு, செறிவூட்டியை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மின் மீட்டரில் முன்னும் பின்னும் யூனிட்டைக் குறித்தால் போதும். 0.7 யூனிட் கூடியிருந்தால் கருவி 350 வாட் இழுக்கிறது என்று பொருள். கருவியின் பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. மீட்டர் காட்டுவதுதான் உண்மையான செலவு.

பட்டுக்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெரியவருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் தேவை. கருவி 350 வாட் இழுக்கிறது. வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதை 350-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கடையில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். ஆனால் அந்தப் பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்காது.

இதற்கு இரண்டு காரணங்கள். பேட்டரியின் நேர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டர் ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. கருவிக்கு 350 வாட் கிடைக்க, பேட்டரி 410 வாட் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் 150 ஏஎச் என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். செறிவூட்டியோ அதே பேட்டரியிலிருந்து சுமார் 34 ஆம்பியர் இழுக்கிறது. ஈய-அமிலப் பேட்டரியை இவ்வளவு வேகமாக வடித்தால், அச்சிட்ட அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வெளியே வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதிய பேட்டரியே இரண்டரை மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் தாங்கும். அதே இணைப்பில் ஒரு சாதாரண மின்விசிறியும் ஓடினால் அதிலும் ஆறில் ஒரு பங்கு குறையும். மூன்று, நான்கு ஆண்டு ஓடிய பேட்டரி என்றால் ஒரு மணி நேரத்துக்கே உறுதி சொல்ல முடியாது.

அதே வீட்டில் இன்னொரு 150 ஏஎச் பேட்டரியைத் தொடராக இணைத்து, 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மாறினால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒவ்வொரு பேட்டரியும் இப்போது 17 ஆம்பியர்தான் கொடுக்க வேண்டும். மெதுவாக வடிவதால் முன்பு வெளியே வராமல் நின்ற பங்கிலும் ஒரு பகுதி கிடைக்கிறது. புதிய பேட்டரிகள் ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஓட்டும். ஆறு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்த வேக இழப்பு மிகக் குறைவு. அச்சிட்ட அளவு ஏறக்குறைய முழுவதும் கிடைக்கும். விலை கூடுதல், எடை குறைவு. ஆனால் இன்வெர்ட்டரின் சார்ஜர் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஏட்டுக் கணக்கு எதுவானாலும், வீட்டில் செய்து பார்க்கும் சோதனையே நம்பத் தகுந்தது. பேட்டரி முழுதாக சார்ஜ் ஆன ஒரு பகல் வேளையில், பெரியவர் வழக்கம்போல் கருவியில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். இன்வெர்ட்டர் 'பேட்டரி குறைவு' என்று கூவத் தொடங்கியதும் மெயினைப் போட்டுவிடலாம், யாருக்கும் ஆபத்தில்லை. அந்த நேரம்தான் அந்த வீட்டின் உண்மையான கையிருப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், பேட்டரி தளர்வது புயல் நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டரின் வகையிலும் கவனம் வேண்டும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் போதும். கம்ப்ரசர் மோட்டார் அதில் உறுமும், சூடாகும், சில கருவிகள் பிழை எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். செறிவூட்டிக்குப் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரே வேண்டும். மேலும், மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 350 வாட் கருவிக்கு 500 விஏ இன்வெர்ட்டர் காகிதத்தில் போதுமெனத் தோன்றினாலும், கிளம்பும் நேரத்தில் 'ஓவர்லோட்' காட்டி நின்றுவிடக்கூடும். 1,000 விஏ-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மின்சாரம் மாறி மீண்டும் கிளம்பிய கருவி முழுத் தூய்மைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகும் மஞ்சள் விளக்கு அணையாமல் இருந்தால், வெளிவரும் காற்றில் ஆக்சிஜன் போதவில்லை என்று கொள்ள வேண்டும். 2021-இல் கொரோனா அலையின்போது வாங்கி மூலையில் கிடந்த கருவிகளில் இது நடக்கலாம். ஓடாமல் கிடந்தால் சியோலைட் மணிகள் ஈரத்தை உறிஞ்சித் திறன் இழக்கின்றன.

பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மாலைக்குள் விடப்படும் மின்தடையை இரண்டு பேட்டரிகள் ஏறக்குறைய சமாளிக்கும். அதற்குமேல் நீளும் தடையில் பேட்டரியின் பலவீனம் வேறொரு இடத்தில் வெளிப்படும். முழுவதும் வடிந்த டியூபுலர் பேட்டரி மீண்டும் நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் வந்து போனால், அதில் ஏறுவது அடுத்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காணும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவுத் தடைக்குப் பேட்டரியை வாங்கி அடுக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை. அங்கே வேண்டியது சிலிண்டர்.

சிலிண்டரின் கணக்கு எளிது, அதில் ஏமாற்றமும் இல்லை. பி வகைச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். டி வகையில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பி வகை பன்னிரண்டரை மணி நேரமும், டி வகை 58 மணி நேரமும் வரும். இங்கே லிட்டரைப் பொறுத்துத்தான் எல்லாம். 4 லிட்டர் தேவைப்படுபவருக்கு இந்த நேரம் சரிபாதியாகிவிடும். மீட்டரில் அழுத்தம் பாதியாக இறங்கினால் ஆக்சிஜனும் பாதி என்று அர்த்தம். பட்டுக்கோட்டை வீட்டில் ஒரு டி சிலிண்டரும் இரண்டு பேட்டரிகளும் இருந்தால் கையிருப்பு சுமார் 64 மணி நேரம். இரண்டரை நாளைவிடச் சற்று அதிகம்.

மின்சாரம் போனதும் முதலில் பேட்டரியில் ஓட்டி, ஒரு மணி நேர அளவு மிச்சம் இருக்கும்போதே சிலிண்டருக்கு மாறுவது நல்லது. அந்த மிச்சம், சிலிண்டரில் ஏதாவது கோளாறு என்றால் கைகொடுக்கும். ரெகுலேட்டரைப் பூட்டுவது, வால்வை மெதுவாகத் திறப்பது, மூக்குக் குழாயை மாற்றிச் செருகுவது ஆகியவற்றை வீட்டில் இரண்டு பேராவது வெளிச்சத்தில் பழகியிருக்க வேண்டும். வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, தீப்பிடிக்கும். பதற்றத்தில் லிட்டரைக் கூட்டுவதும் தவறு. சிஓபிடி நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜன் மிகுந்தால் உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். அவர்களுக்கு விரல் மீட்டரில் 88 முதல் 92 வரை என்று மருத்துவர் இலக்கு வைத்திருப்பார்; அந்த எண்ணைச் சிலிண்டரிலேயே எழுதி ஒட்டலாம்.

இருட்டில் முதலில் கை போவது மெழுகுவர்த்திக்கு. ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, சிம்னி விளக்கு, கொசுவர்த்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது; படுக்கையும் துணியும் ஆக்சிஜனை ஏந்தியிருக்கும், ஒரு பொறி பெருந்தீயாகும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் அதன் இடமும் நோயாளியின் அறைக்கு வெளியே, காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் ஜன்னலிலிருந்து தள்ளி, திறந்த வெளியில்தான் ஓட வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வந்தால் விரல் மீட்டர் காட்டிக்கொடுக்காது. அந்த நஞ்சு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே அது படிக்கும். மீட்டரில் 95 இருந்தும் வீட்டில் எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் என்றால் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, நோயாளியைச் சிலிண்டரோடு உடனே வெளியே கொண்டுபோக வேண்டும்.

64 மணி நேரக் கையிருப்பு கஜா போன்ற புயலுக்குப் போதாது. புயலுக்குப் பின் மரங்கள் சாய்ந்த சாலையில் 108 ஆம்புலன்ஸ் வந்துசேரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கரையைக் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் வானிலை ஆய்வு மையம் ஓரிரு நாளுக்கு முன்பே அறிவிக்கத் தொடங்கிவிடுகிறது. எச்சரிக்கை தங்கள் மாவட்டத்துக்கு என்றால், சாலை திறந்திருக்கும்போதே பெரியவரை ஜெனரேட்டர் வசதியுள்ள மருத்துவமனைக்கோ, புயல் தொடாத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கருவியோடும் பி சிலிண்டரோடும் மாற்றிவிட வேண்டும். எதிர்பாராமல் நீண்ட தடையில் சிக்கிக்கொண்டால், சிலிண்டரின் முள் பாதிக்கு வரும்போது கிளம்ப வேண்டும். அப்போது இன்னும் ஒரு நாளுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும். வண்டி தேடவும் மருத்துவமனையில் படுக்கை உறுதி செய்யவும் அந்த நேரம் வேண்டியிருக்கும்.