152 பிசிறா, 40 ஓட்டையா?

திருப்பூரில் தைத்து முடித்த டி-ஷர்ட் நேராக அட்டைப்பெட்டிக்குப் போய்விடாது. முதலில் செக்கிங் மேஜைக்கு வரும். அங்கே நல்ல வெளிச்சத்தில் நிற்கும் பெண் அதைப் புரட்டிப் பார்ப்பார், கழுத்தை இழுத்துப் பார்ப்பார், தையல் மீது விரலை ஓட்டிப் பார்ப்பார். குறை தென்பட்டால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு ஒதுக்கிவிட்டு, பக்கத்திலுள்ள தாளில் அந்தக் குறையின் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவார்.

மாலையில் அந்தத் தாள்கள் ஃபைலுக்குப் போகின்றன. பல கம்பெனிகளில் அவற்றின் பயணம் அத்தோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு வாங்குபவரின் ஆள் ஆய்வுக்கு வரும்போது எடுத்துக் காட்டுவதற்கென்றே அவை தேங்கிக் கிடக்கின்றன. இது பெரிய நஷ்டம். எந்தக் குறையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கான பதிலை அந்தப் பெண்கள் ஏற்கெனவே கோடு கோடாக எழுதி வைத்துவிட்டார்கள். அதைப் படித்தெடுக்கும் கருவிதான் பரேட்டோ வரைபடம்.

வில்ஃப்ரெடோ பரேட்டோ இத்தாலியப் பொருளியலாளர். ஒரு நாட்டின் செல்வம் எல்லோரிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை, சிலரிடம் குவிந்திருக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எண்களைக் கொண்டு காட்டியவர். தொழிற்சாலைக் குறைகளைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. குறைகளும் அப்படித்தான் ஒருசில வகைகளில் குவிகின்றன என்று கண்டு, அதற்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டியவர் ஜோசப் ஜூரான் என்ற தரக் கட்டுப்பாட்டு நிபுணர். 1951இல் வெளிவந்த அவருடைய தரக் கட்டுப்பாட்டுக் கையேடு வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. வரைபடத்தில் மேலே ஏறிச் செல்லும் வளைகோட்டுக்கு உரியவர் மேக்ஸ் லாரன்ஸ் என்றும், பரேட்டோவுக்குத் தான் கூடுதல் புகழைக் கொடுத்துவிட்டதாகவும் 1975இல் ஜூரானே எழுதினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு தையல் லைனின் ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. அந்த வாரம் செக்கிங் மேஜைக்கு வந்தவை 6,000 டி-ஷர்ட்டுகள். தாளில் விழுந்த கோடுகள் 400. ஒரே சட்டையில் இரண்டு குறை இருந்தால் இரண்டு கோடு என்று முன்கூட்டியே முடிவுசெய்திருக்கிறார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால், ஒருவர் சட்டைகளையும் மற்றொருவர் குறைகளையும் எண்ணினால் மேற்கொண்டு போடும் கணக்கெல்லாம் வீண்.

கோடுகளைக் கூட்டினால் பிசிறு, அதாவது வெட்டாமல் விட்ட நூல், 152. தையல் விட்டுப்போனது 88. எண்ணெய்க் கறை 64. ஊசி குத்திய ஓட்டை 40. கீழ்மடிப்பு கோணல் 28. லேபிள் மாறியது 12. எதிலும் சேராத மற்றவை 16.

இதைப் படமாக்குவது சுலபம். அதிக எண்ணிக்கை கொண்ட குறைக்கு இடது ஓரத்தில் உயரமான தூண். அடுத்தடுத்து வலப்பக்கம் உயரம் குறைந்துகொண்டே போகும் தூண்கள். ‘மற்றவை’ என்பது மட்டும் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் அது ஒரு குறையின் பெயர் அல்ல. பிறகு தூண்களுக்கு மேலே ஒரு கோடு: பிசிறு மட்டும் 38 சதவீதம், அதோடு விட்டுப்போன தையலைச் சேர்த்தால் 60, கறையையும் சேர்த்தால் 76 என்று ஏறிக்கொண்டே போய் 100இல் முடியும். எத்தனை வகைகளைச் சரிசெய்தால் மொத்தக் குறையில் எவ்வளவு போகும் என்பதை அந்தக் கோடு சொல்கிறது.

படத்தைப் பார்த்ததும் பிசிறைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்று தோன்றும். பிசிறு வெட்ட இன்னும் இரண்டு பேரைப் போடலாம் என்று சூப்பர்வைசர் சொல்வார். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொல்லியிருப்பது ‘எது அதிக முறை நடக்கிறது’ என்ற கேள்விக்கு. கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டியதோ, எது அதிகமாகக் கெடுக்கிறது என்பதை.

ஒவ்வொரு குறைக்கும் என்ன செலவாகிறது என்று பார்த்தால் காட்சி மாறுகிறது. பிசிறை வெட்டச் சில விநாடிகள் போதும். 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன தையலை மறுபடி ஓட்ட 6 ரூபாய். கறையை நீக்க, சில கறைகள் போகாமலே நின்றுவிடுவதையும் சேர்த்து, சராசரி 15. மடிப்பைப் பிரித்துத் தைக்க 10. லேபிள் மாற்ற 5. மற்றவைக்குச் சராசரி 10. ஓட்டை விழுந்த சட்டையைத் திருப்பித் தைக்க வழியில்லை. 150 ரூபாய் அடக்கமான சட்டை செகண்ட்ஸாக 50 ரூபாய்க்குப் போகும். ஒவ்வோர் ஓட்டைக்கும் 100 ரூபாய் நஷ்டம்.

இப்போது எண்ணிக்கையைச் செலவால் பெருக்கி மறுபடி அடுக்க வேண்டும். வாரத்தின் மொத்த இழப்பு 6,140 ரூபாய். அதில் ஓட்டைகளால் மட்டும் 4,000, அதாவது 65 சதவீதம். அடுத்தது கறை, 960 ரூபாய். முதல் படத்தில் தலைமைத் தூணாக நின்ற பிசிறு 152 ரூபாயோடு வால்பகுதிக்குப் போய்விட்டது. நான்காவது இடத்தில் ஒதுங்கியிருந்த ஓட்டை முன்னால் வந்து நிற்கிறது. அதே வாரம், அதே 400 கோடுகள்.

இரண்டு படத்தையும் வரைந்து அருகருகே வைப்பதே நல்லது. இரண்டிலும் ஒரே குறை முதலில் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. வரிசை மாறினால், பணப் படத்தின் பேச்சைக் கேட்பதே பெரும்பாலும் சரி.

பணக் கணக்குக்கும் அடங்காத ஒன்று உண்டு. தைக்கும்போது ஊசி முறிந்து, அதன் துண்டு துணிக்குள் தங்கிவிட்டால், வாரத்துக்கு ஒன்றுதான் என்றாலும் அதைத் தூண்களின் வரிசையில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. குழந்தை போடும் சட்டையில் உலோகத் துண்டு இருப்பது, எண்ணிக்கையைப் பார்த்து முறைவைத்துக் காத்திருக்கும் விஷயம் அல்ல. அதனால்தான் முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஒட்டிவைக்கத் தனிப் பதிவேடு வைக்கிறார்கள்.

சரி, முதல் வேலை ஓட்டைதான். ஆனால் ‘ஓட்டையைக் குறையுங்கள்’ என்று லைனில் போய்ச் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அந்த 40 ஓட்டைகளையும் எடுத்து இன்னொரு பரேட்டோ போட வேண்டும். இம்முறை குறை வகையால் அல்ல, இடத்தால். சட்டையில் எந்தத் தையலில் ஓட்டை, எந்த மெஷினில், எந்த ஷிப்டில்? பண்டல் டிக்கெட்டின் எண்ணைச் செக்கிங் தாளில் குறித்து வைத்திருந்தால்தான் இது முடியும். குறிக்காத கம்பெனியில் விசாரணை இங்கேயே நின்றுவிடும்.

நம் லைனில் குறித்திருக்கிறார்கள். 12 மெஷின்கள். 40 ஓட்டைகளில் 25, கழுத்து ரிப்பை இணைக்கும் 7ஆம் எண் ஓவர்லாக் மெஷினிலிருந்து வந்தவை. மற்ற 15, பதினொரு மெஷின்களில் சிதறிக் கிடக்கின்றன.

பின்னலாடைத் துணி நூல் கண்ணிகளால் ஆனது. அதனால் அதற்கு நுனி உருண்ட பால் பாயிண்ட் ஊசி போடுகிறார்கள். அது நூலைக் குத்தாமல் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். நுனி மழுங்கினாலோ, பிசிறு தட்டினாலோ, துணிக்குத் தேவையானதைவிடத் தடிமனாக இருந்தாலோ நூல் அறுந்துபோகும். அறுந்த கண்ணி உடனே கண்ணில் படாது. கழுத்தை இழுத்தால்தான் தெரியும். சில சமயம் துவைத்த பிறகுதான் ஓட்டையாக விரியும். செக்கிங்கில் கழுத்தை இழுத்துப் பார்க்காத நாட்களில் ஓட்டைத் தூண் குட்டையாகிவிடும், ஓட்டைகள் கப்பலேறிவிடும்.

7ஆம் மெஷினில் 70ஆம் எண் பால் பாயிண்ட் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் 90ஆம் எண் சாதா ஊசி மாட்டியிருந்தது. டெய்லரிடம் கேட்டால் காரணம் வந்துவிடும். தோள் தையலும் கழுத்துத் தையலும் சந்திக்கும் இடத்தில் துணி மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கிறது. மெல்லிய ஊசி அங்கே அடிக்கடி முறிகிறது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு முறிவும் நேர இழப்பு. அதனால் தடித்த ஊசி. அவர் தன் சிக்கலை ஒழுங்காகத்தான் தீர்த்திருக்கிறார். அது துணியில் ஓட்டையாக வெளிப்பட்டது. அவரைத் திட்டி ஊசியை மட்டும் மாற்றினால், அடுத்த வாரமே தடித்த ஊசி திரும்பி வந்துவிடும். சரியான ஊசியோடு, அந்தச் சந்திப்பில் மெஷின் வேகத்தைக் குறைக்க வேண்டும். தோள் தையலின் மடிப்பைப் படியவைத்துத் தடிமனைக் குறைக்க வேண்டும். ஊசியை முறியும் வரை விட்டுவைக்காமல் ஷிப்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

அடுத்த வாரமும் 6,000 சட்டைகளைச் செக் செய்கிறார்கள். ஓட்டை 40இலிருந்து 14 ஆகியிருக்கிறது. மற்றவை ஏறக்குறைய அப்படியே: பிசிறு 150, விட்டுப்போன தையல் 90, கறை 62, மடிப்பு 27, லேபிள் 12, மற்றவை 15. மொத்த இழப்பு 6,140 ரூபாயிலிருந்து 3,500 ஆக இறங்கிவிட்டது.

இங்கேதான் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பணப் படத்தில் கறையின் பங்கு 16 சதவீதத்திலிருந்து 27க்கு ஏறியிருக்கிறது. எண்ணெய் கசிகிறது, மெக்கானிக்கைக் கூப்பிடு என்று கூச்சல் எழும். உண்மையில் கறை 64இலிருந்து 62 ஆகியிருக்கிறது. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 100தான் என்பதால், ஒன்று சுருங்கினால் மற்றவை வீங்கியதுபோலத் தெரியும். முன்பும் பின்பும் ஒப்பிடும்போது இரண்டு படத்தையும் ஒரே அளவுகோலில், ரூபாயிலோ எண்ணிக்கையிலோ வரைய வேண்டும். செக் செய்த சட்டைகளின் எண்ணிக்கை மாறியிருந்தால் ஆயிரம் சட்டைக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும்.

மீதமுள்ள 14 ஓட்டைகளில் 7ஆம் மெஷினுக்கு ஒன்றுதான். மற்ற 13ஐ மெஷின்வாரியாக அடுக்கினால் எல்லாத் தூண்களும் ஒரே குட்டை உயரம். இப்படித் தட்டையான படம் வந்தால், பிரித்த விதம் காரணத்தைத் தொடவில்லை என்று பொருள். இனி மெஷினை விட்டுவிட்டுத் துணி லாட் வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் அளவுக்கு மீறிக் காய்ந்த துணியிலும், சாஃப்ட்னர் போதாத துணியிலும் நூல் வழுக்கி விலகாமல் நல்ல ஊசிக்கும் அறுபடும். அந்த 13 ஓட்டைகளும் ஒன்றிரண்டு லாட்டுகளில் குவிந்திருந்தால், அடுத்த பேச்சு தையல் லைனில் அல்ல, சாயப்பட்டறைக்காரரோடு.